24 x 400g என்பதைப் பெருக்குவதற்கு எந்த வழி: கல்முனை மொத்தக் கடை ஒன்றின் கணக்கிலிருந்து

கல்முனையில் உள்ள ஒரு மொத்தப் பலசரக்குக் கடையின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். அங்கிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு வாரந்தோறும் லொறி போகும். முதலாளி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "தம்பி, இந்த லொறியில மொத்தம் எத்தனை கிலோ வருகுது?" என்பது. மற்றது, ஒரே வகைச் சாமானை இரண்டு முகவர்கள் வெவ்வேறு அளவுப் பெட்டிகளில் தரும்போது கிலோ ஒன்றுக்கு எவருடைய விலை குறைவு என்பது. இரண்டுக்கும் விடை, முகவர்கள் அனுப்பும் விலைப்பட்டியலில் `24 x 400g` என்று எழுதப்பட்டிருக்கும் அந்தச் சிறிய குறிப்புக்குள் இருக்கிறது. பெட்டியில் 24 பக்கற், ஒவ்வொன்றும் 400 கிராம், ஆகவே 9,600 கிராம். கையால் பெருக்கினால் அரை நிமிடம் ஆகாது. ஆனால் பட்டியல் சில நூறு வரிகள் நீளும்போது, கணினியைக் கொண்டு பெருக்க வைக்காமல் முடியாது என்று ஆகிவிடுகிறது.

சிக்கல் பெருக்கலில் இல்லை. கணினிக்கு `24 x 400g` என்பது எண்ணே அல்ல, வெறும் எழுத்துத் தொடர். அதிலிருந்து இரண்டு எண்களைப் பிரித்தெடுப்பதே வேலை. அதைச் செய்ய நான் மூன்று வழிகளை முயன்று பார்த்தேன். அவற்றுள் எதைத் தேர்வது என்பதை, எது விரைவானது என்பதைக் கொண்டு நான் முடிவு செய்யவில்லை. எது பிழைக்கும்போது தன் பிழையைக் காட்டிக் கொடுக்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்தேன். ஏனென்று பின்னர் தெரியும்.

சோதனைக்கு எங்கள் பட்டியலில் வரும் வகைகளிலிருந்து ஏழு வரிகளை எடுத்துக்கொண்டேன். இவற்றுள் முதல் வரி மட்டுமே நல்ல பிள்ளை. மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

```
24 x 400g
10 x 1kg
20 x 1/2kg
12 x 20 x 2g
12+1 x 100g
12 x 750ml
Curry Mix 20 x 50g
```

முதல் வரி பால்மா, இரண்டாவது சீனி, மூன்றாவது அரைக் கிலோப் பருப்பு. நான்காவது தேயிலைப் பை: ஒரு பெட்டியில் 12 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 பைகள், ஒரு பையில் 2 கிராம், ஆகவே 480 கிராம். ஐந்தாவது, பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று முகவர் தரும் பிஸ்கட். சரியான விடை 1,300 கிராம். ஆறாவது தேங்காய் எண்ணெய். ஏழாவது மசாலா. அந்த வரியில் சாமானின் பெயரும் அளவும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. ஒரு முகவர் எப்போதும் இப்படித்தான் அனுப்புவார், எத்தனை முறை சொன்னாலும் மாற்றமாட்டார்.

முதலாவது வழி பழைய எக்செல்லிலும் இயங்குவது. `x` எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் உள்ளதையும் வலப்பக்கம் உள்ளதையும் வெட்டி எடுத்து, வலப்பக்கத்திலிருந்து `g` எழுத்தை நீக்கிவிட்டுப் பெருக்குவது.

```
=LEFT(A2,FIND("x",LOWER(A2))-1)*SUBSTITUTE(MID(LOWER(A2),FIND("x",LOWER(A2))+1,20),"g","")
```

`LOWER` இல்லாவிட்டால் பெரிய எழுத்தில் `X` என்று எழுதிய வரிகள் தப்பிவிடும், ஏனெனில் `FIND` பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகவே பார்க்கும். எண்ணைச் சுற்றியிருக்கும் சாதாரண இடைவெளிகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பெருக்கும்போது எக்செல் அவற்றைத் தானே விட்டுவிடும். ஆனால் பட்டியலை இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்திருந்தால், பார்ப்பதற்கு இடைவெளி போலவே இருக்கும் வேறொரு குறி, கணக்கில் `CHAR(160)`, கூடவே வந்துவிடும். அதை எக்செல் விடாது. `SUBSTITUTE(A2,CHAR(160)," ")` என்று முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை ஏழு வரிகளிலும் ஓடவிட்டால் முதல் வரி மட்டும் 9,600 என்று வரும். மற்ற ஆறும் `#VALUE!` என்று நிற்கும். `1kg` என்பதிலிருந்து `g` போனால் `1k` மிஞ்சும். அது எண் அல்ல. தேயிலை வரியில் வலப்பக்கத்தில் இன்னொரு `x` இருக்கிறது. பிஸ்கட் வரியில் இடப்பக்கத்தில் `12+1` என்ற எழுத்து இருக்கிறது. கடைசி வரியில் முதல் `x` வருவதே `Mix` என்ற சொல்லில்தான். ஏழில் ஆறு பிழை என்றால் கையாலாகாத சூத்திரம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அது தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது; தவறான எண் ஒன்றைக்கூடத் தரவில்லை.

உண்மையான தீங்கு நாம் அதைத் திருத்தப் போகும்போதுதான் வருகிறது. கிலோ வரிகள் பிழை காட்டுகின்றனவே என்று, `g` ஐ நீக்குவதற்கு முன் `kg` ஐயும் நீக்கிவிடும்படி இன்னொரு `SUBSTITUTE` சேர்ப்பது மிக இயல்பாகத் தோன்றும் திருத்தம். அதைச் செய்தால் பிழைக்குறி மறைந்துவிடும், சீனிப் பெட்டிக்கு 10 என்று விடை வரும். பத்துக் கிலோ பத்துக் கிராம் ஆகிவிட்டது. அரைக் கிலோப் பருப்பு இன்னும் வேடிக்கையானது. `kg` போனபின் மிஞ்சும் `1/2` என்பதை எக்செல் அரை என்று படிக்காது, ஒரு திகதி என்று படிக்கும். திகதிகளை அது நாள் எண்ணாக வைத்திருப்பதால் 46,000 ஐ ஒட்டிய ஓர் எண்ணை 20 ஆல் பெருக்கி, ஒன்பது லட்சத்துக்கு மேல் விடை தரும். இந்த இரண்டையும் பிழைக்குறி காட்டிக் கொடுக்காது.

இரண்டாவது வழி அழகானது, அதனால்தான் அதில் மயங்காமல் இருப்பது கடினம். குறிப்பை வெட்டாமல், அதையே ஒரு கணக்காக மாற்றிவிடுவது: `x` ஐப் பெருக்கல் குறியாகவும், `kg` ஐ `*1000` ஆகவும் மாற்றி, `g` ஐ நீக்கி, மிஞ்சுவதைக் கணக்கிடும்படி எக்செல்லிடம் கொடுப்பது. இதற்குரிய `EVALUATE` என்னும் கட்டளை, 1992 இல் வந்த எக்செல் 4.0 காலத்து மக்ரோ மொழியின் எச்சம். கட்டத்தில் நேரே எழுதினால் இயங்காது. B2 கட்டத்தில் நின்றுகொண்டு ஒரு பெயரை, உதாரணமாக `GRAMS` என்பதை, வரையறுத்து அதற்குள் இதை எழுத வேண்டும்; பிறகு B2 இல் `=GRAMS` என்று இட்டுக் கீழே இழுக்கலாம்.

```
=EVALUATE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(LOWER(Sheet1!A2),"kg","*1000"),"g",""),"x","*"))
```

பெயரை வரையறுக்கும்போது கட்டத்தைச் சுட்டியால் தொட்டால் எக்செல் `$A$2` என்று எழுதிவிடும். அந்த டொலர் குறிகளை அழிக்காவிட்டால் எல்லா வரிகளிலும் ஒரே விடை நிற்கும். அதைக் கண்டால் காரணம் இதுதான்.

ஏழு வரிகளில் இதன் ஆட்டம் பிரமாதம். சீனி `10 * 1*1000` ஆகிப் 10,000 என்று வருகிறது. அரைக் கிலோப் பருப்பு `20 * 1/2*1000` ஆகி, அதுவும் சரியாகப் 10,000. தேயிலை 480. `400g x 12` என்று தலைகீழாக எழுதியிருந்தாலும் கவலையில்லை, பெருக்கலில் எது முன்னே வந்தாலும் ஒன்றுதான். எண்ணெயும் மசாலாவும் மட்டும் பிழை காட்டுகின்றன. இரண்டும் பிழை காட்ட வேண்டியவையே.

ஆனால் பிஸ்கட் வரியைப் பாருங்கள். `12+1 * 100` என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபடி கணித்தால் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. விடை 112. இருக்க வேண்டியது 1,300. முகவர் அடைப்புக்குறி இட்டு `(12+1) x 100g` என்று எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். எந்த முகவரும் அப்படி எழுதமாட்டார். 112 என்பது ஒரு பெட்டியின் நிறையாக இருக்க முடியாத எண் அல்ல, ஆகவே பட்டியலில் கண்ணை ஓட்டும்போது அது உறுத்தாது. முதல் சூத்திரம் இதே வரியில் பிழைக்குறி காட்டி நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிக்கு வேறு சங்கடங்களும் உண்டு: கோப்பை `.xlsm` ஆகச் சேமிக்க வேண்டும்; மைக்ரோசாஃப்ட் 365 இன் புதிய பதிப்புகளில் பழைய 4.0 மக்ரோக்கள் இயல்பிலேயே முடக்கப்பட்டிருப்பதால், முதலாளியின் மகனுடைய மடிக்கணினியில் அது திறக்கும்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. கூகுள் ஷீட்ஸில் `EVALUATE` இல்லவே இல்லை.

மூன்றாவது வழி, கூகுள் ஷீட்ஸில் உள்ள `REGEXEXTRACT`. ஒரு வடிவத்தை எழுதிக் கொடுத்தால், அந்த வடிவத்துக்குப் பொருந்தும் பகுதிகளை அது தனித்தனிக் கட்டங்களில் இட்டுத் தரும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் வடிவங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
=REGEXEXTRACT(LOWER(A2),"(\d+)\s*[x×*]\s*(\d+\.?\d*)\s*(kg|g|ml)")
```

அதாவது ஓர் எண், பிறகு `x` அல்லது `×` அல்லது `*`, பிறகு தசமம் உள்ள அல்லது இல்லாத இன்னோர் எண், பிறகு அலகு. `×` என்பது `x` எழுத்தைப் போலத் தெரிந்தாலும் வேறு குறி. முதல் இரண்டு வழிகளிலும் அதை வேறாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், இங்கே வடிவத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டோம். விடை மூன்று கட்டங்களில் விழும். அலகும் தனியே கிடைப்பதுதான் இதன் பெரிய நன்மை: கிலோவைக் கிராமாக்குவதை ஊகிக்கத் தேவையில்லை, அடுத்த கட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லலாம்.

```
=B2*C2*IF(D2="kg",1000,IF(D2="g",1,NA()))
```

மில்லிலீற்றர் வந்தால் `#N/A` வரும்படி இதில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இந்த வடிவம் மசாலா வரியைக்கூடச் சரியாகப் படிக்கும், ஏனெனில் `Mix` இல் உள்ள `x` க்கு முன்னால் எண் இல்லை. ஆனால் தேயிலை வரியில் அது செய்வதைக் கவனிக்க வேண்டும். `12 x 20` என்று தொடங்கிப் பார்க்கிறது. அடுத்து அலகு இல்லை, பொருந்தவில்லை. உடனே தோற்றுவிட்டேன் என்று சொல்லாமல், வரிக்குள்ளே இன்னும் உள்ளே போய்த் தேடி, `20 x 2g` என்ற துண்டைக் கண்டுபிடித்து அதைக் கொடுத்துவிடுகிறது. விடை 40 கிராம், உண்மையில் 480. பிஸ்கட் வரியிலும் அதே கதை: `12+1` இலிருந்து `1 x 100g` ஐ மட்டும் பிடுங்கி 100 என்கிறது. அதிகம் தெரிந்த சூத்திரம் அதிகம் ஊகிக்கிறது. ஊகித்ததை நமக்குச் சொல்வதில்லை.

இதற்கு மருந்து மிகச் சிறியது. வடிவத்தின் தொடக்கத்தில் `^\D*` என்பதையும் முடிவில் `$` என்பதையும் சேர்க்க வேண்டும்.

```
=REGEXEXTRACT(LOWER(TRIM(A2)),"^\D*(\d+)\s*[x×*]\s*(\d+\.?\d*)\s*(kg|g|ml)$")
```

`^` என்பது வரியின் தொடக்கம், `$` என்பது வரியின் முடிவு, `\D*` என்பது எண் அல்லாத எழுத்துகள் எத்தனையும். ஆகவே இப்போது வடிவம் சொல்வது இது: தொடக்கத்தில் பெயர் இருக்கலாம், ஆனால் முதலில் வரும் எண்ணே எண்ணிக்கையாக இருக்க வேண்டும், அலகுக்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது, முழு வரியும் பொருந்த வேண்டும், இல்லையேல் எதுவும் வேண்டாம். தேயிலை வரி `#N/A`, பிஸ்கட் வரி `#N/A`, அரைக் கிலோப் பருப்பும் `#N/A`. பால்மாவுக்கு 9,600, சீனிக்கு 10,000, மசாலாவுக்கு 1,000. `400g x 12` என்ற தலைகீழ் எழுத்தும், `12 x 1,000g` என்று காற்புள்ளி இட்டதும், `400gm` என்று எழுதியதும் பிழையாகவே நிற்கும். நிற்கட்டும். அவை எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு, அதிகமாக வரும் வடிவத்துக்கு மட்டும் இன்னொரு சூத்திரம் எழுதலாம். மைக்ரோசாஃப்ட் 365 இன் அண்மைப் பதிப்புகளிலும் `REGEXEXTRACT` வந்திருக்கிறது. ஆனால் அங்கே மூன்று பகுதிகளையும் தனித்தனியே பெற மூன்றாவது இடத்தில் `2` என்று கொடுக்க வேண்டும்.

இவற்றுள் தேர்வு எங்கள் கடைக்கு எப்படி அமைந்தது என்றால், முழு வரியையும் பொருந்தச் சொல்லும் மூன்றாவது வழியே. ஆனால் அதை ஒவ்வொரு வாரமும் ஓட்டுவதற்கு அல்ல, ஒரே ஒரு முறை ஓட்டுவதற்கு. இருந்த பட்டியல் முழுவதையும் அதில் விட்டு, எண்ணிக்கை, அளவு, அலகு என்று மூன்று நிரல்களாகப் பிரித்து, விடைகளை மதிப்புகளாக மட்டும் ஒட்டிக்கொண்டு, `#N/A` வந்த வரிகளைக் கையால் நிரப்பினோம். தேயிலைக்கு எண்ணிக்கை 240, அளவு 2, அலகு `g`. பிஸ்கட்டுக்கு எண்ணிக்கை 13. இனிப் புதிய சாமான் வந்தால் அந்த மூன்று நிரல்களையும் பதிபவரே நிரப்புவார். வாரப் பட்டியல், சாமான் குறியீட்டைக் கொண்டு `VLOOKUP` மூலம் கிராமை எடுத்துக்கொள்ளும், குறிப்பை மறுபடி படிக்காது. பத்து இருபது வரிகள் மட்டும் வைத்திருக்கும், பழைய எக்செல்லை விட முடியாத ஒரு சில்லறைக் கடைக்கு முதல் சூத்திரம் போதும். அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு பிழை வரிகளைக் கையால் போடுவது நல்லது. இரண்டாவது வழியை நான் விரும்பினாலும், வேறொருவர் கையில் போகும் கோப்பில் வைக்கமாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும், வெளியே தெரியாத பிழையைப் பிடிக்க நான் ஒரு நிரல் கூடுதலாக வைத்திருக்கிறேன்: பெட்டி விலையைக் கிலோவால் வகுத்து வரும் கிலோ விலை. பெட்டி 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிலோச் சீனி பத்துக் கிராமாகப் பதிந்திருக்கும்போது கிலோ விலை 2,40,000 ரூபாய் என்று வரும். பெட்டி 1,920 ரூபாய்த் தேயிலைக்கு, 480 கிராம் என்றால் கிலோ 4,000 ரூபாய். 40 கிராம் என்று பிழையாக வந்தால் 48,000. அந்த நிரலை விலை வரிசையில் அடுக்கி இரண்டு முனைகளையும் பார்த்தால் போதும். கிராம் நிரலை மட்டும் பார்ப்பவருக்கு 40 என்பது உறுத்தாது. கிலோ விலையில் அது உடனே தெரியும், ஏனெனில் தேயிலை என்ன விலை என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெய் வரி மட்டும் பாக்கி. 12 x 750 என்று பெருக்கினால் வருவது 9,000 மில்லிலீற்றர், கிராம் அல்ல. தேங்காய் எண்ணெயின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.92 கிராம் என்பதால் நிறை 8,280 கிராம் அளவில் வரும். விலையை ஒப்பிடுவதற்கு எண்ணெயை எண்ணெயோடு லீற்றர் கணக்கிலேயே ஒப்பிடலாம், மாற்றத் தேவையில்லை. லொறிக்கு மட்டும்தான் இந்த மாற்றம் தேவை.

லொறி என்று வந்தால் இன்னொன்றும் இருக்கிறது. பெருக்கி வருவது உள்ளே இருக்கும் பொருளின் நிறை. அட்டைப் பெட்டி, தகரம், போத்தல் எதுவும் அதில் இல்லை. கண்ணாடிப் போத்தலில் வரும் சாமானுக்கு அந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆகவே முதலாளியின் முதல் கேள்விக்காக, ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் ஒன்றைக் கடையின் தராசில் ஏற்றி நிறுத்து, வந்த எண்ணை ஐந்தாவது நிரலில் எழுதி வைத்திருக்கிறோம். லொறிக்கு அந்த நிரலைக் கூட்டுகிறோம், விலைக்குப் பெருக்கி வந்ததைப் பார்க்கிறோம். தராசு காட்டியது பெருக்கி வந்ததைவிடக் குறைவாக இருக்கும் வரி ஏதாவது இருந்தால், ஒன்று பெட்டியில் பக்கற் குறைகிறது, அல்லது எங்கள் பட்டியலில் எண் பிழைத்திருக்கிறது.